இரண்டாம் டிகாஷன்

துபாயில் நான் இருபத்தொன்பது வருஷம் பார்த்த வேலைக்கு விசாவில் எழுதியிருந்த பெயர் ‘ஆபீஸ் பாய்’. ஐம்பது வயசு தாண்டியும் பாய்தான். 1993-இல் தேரா பகுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்தபோது, என்னிடம் ஒப்படைத்தது ஒரு மின்கெட்டில், ஒரு அடுப்பு, கழுவும் தொட்டி, நாற்பது பேர். காலை ஏழரைக்குள் அந்த நாற்பது பேருக்கும் அவரவர் குடிப்பது மேஜைக்குப் போயிருக்க வேண்டும்.

யாரும் எழுதித் தர மாட்டார்கள். லெபனான் இன்ஜினியருக்குத் துருக்கிக் காபி, ‘வசத்’, அதாவது சர்க்கரை நடுவாந்தரமாக. அவருக்குப் பக்கத்து அறைக்காரருக்கு ‘சாதா’, சர்க்கரையே கூடாது. ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். தேயிலைப் பையை நாலு நிமிஷம் ஊறவிட்டுக் குளிர்ந்த பாலை மேலே ஊற்ற வேண்டும், காய்ச்சின பால் என்றால் கப் அப்படியே திரும்பி வரும். மலையாளிக் கணக்கர்களுக்கு ரெயின்போ டின் பால் விட்ட கெட்டி டீ. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் எலுமிச்சை பிழிந்த சுலைமானி. முதலாளி வரும் நாட்களில் கஹ்வா. லேசாக வறுத்த கொட்டையை ஏலக்காயோடு கொதிக்கவைத்து இறக்கி, தல்லாவை இடது கையில் பிடித்து, காதில்லாத சின்னக் கிண்ணத்தை வலது கையால் நீட்ட வேண்டும். கிண்ணத்தில் கால் பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊருக்குப் புதிதாக வந்த மரியாதையில் நான் முதல் நாள் விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று விருந்தாளிக்குச் சொல்வதாக அதற்கு அர்த்தமாம். கிண்ணத்தை அவர்கள் லேசாக ஆட்டிக் காட்டும் வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டினால் போதும் என்று பொருள்.

இதில் எனக்குக் குரு என்று யாரும் இல்லை. திரும்பி வரும் கப்புதான் சொல்லிக்கொடுத்தது. அடியில் ஒரு விரல்கடை மிச்சமிருந்தால் சூடு குறைவு. பாதி மிச்சமிருந்தால் கூட்டத்தில் இருந்திருப்பார், அது என் தப்பில்லை. ஒரே ஒரு வாய் குறைந்து திரும்பினால் ஏதோ தவறு. சத்தம் போடாமல் புதிதாக ஒன்று போட்டுக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஆறு மாசத்தில் நாற்பது பேரின் நாக்கும் எனக்குப் பாடமாகிவிட்டது. எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும்தான் போட வரவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது எங்கள் அம்மா போடும் காபி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். பித்தளை ஃபில்டர், உள்ளே ஈயம் பூசியது. காலையில் கிணற்றடியில் பல் விளக்கிவிட்டு வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் டம்ளர் இருக்கும். நாலு பிள்ளைகளுக்கு நாலு டம்ளர். அதன் ருசி இன்னதென்று அப்போது யோசித்ததில்லை. துபாய்க்கு வந்த பிறகுதான் தினமும் யோசித்தேன்.

முதல் முயற்சியே கூத்தாகப் போயிற்று. அடுத்த லீவில் ஊரிலிருந்து ஒரு எவர்சில்வர் ஃபில்டரைக் கொண்டுவந்தேன். பொடி எதற்கு, பேன்ட்ரியில்தான் கிலோக் கணக்கில் இருக்கிறதே என்று துருக்கிக் காபிப் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றினேன். அரைமணி கழித்துப் பார்த்தால் கீழ்ப் பாத்திரத்தில் நாலு சொட்டு. அந்தப் பொடி முகப்பவுடர் மாதிரி இருக்கும். தண்ணீரிலேயே கொதித்து அடியில் வண்டலாகத் தங்குவதற்காக அரைத்தது. ஃபில்டரில் போட்டால் ஈரக் களிமண்ணாக இறுகித் துளைகளையும் அடைத்துக்கொள்ளும். அடிப்பக்கத்தை அடுப்புத் தணலில் காட்டித்தான் துளைகளைத் திறந்தேன். ஃபில்டருக்கு உள்ள அரைப்பு, விரலில் எடுத்துத் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருட வேண்டும்.

அடுத்த லீவில் பொடியையும் கொண்டுவந்தேன். அப்போது கையில் கொஞ்சம் காசு இருந்தது. வறுத்து அரைக்கும் கடையில் நின்று, “இருக்கிறதிலேயே ஒசத்தி எது?” என்று கேட்டேன். பீபரி என்றார்கள். பழத்துக்குள் இரண்டு பருப்பாகப் பிளக்காமல் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை. “சிக்கரி கலக்கட்டுமா?” என்று கேட்டதற்கு, கலப்படம் வேண்டுமா என்று கேட்டது போல எனக்குக் கோபமே வந்தது. சுத்தமான பீபரி இரண்டு கிலோ. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் சட்டைகளும் காபி வாசனை அடித்தன.

அந்தப் பொடியில் போட்ட காபி நன்றாகத்தான் இருந்தது. அறையில் என்னோடு இருந்த ஆறு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் இது வேறு யார் வீட்டுக் காபியோ என்று தோன்றியது. வாசனை தூக்கலாக இருந்தது. ஆனால் வாயில் நிற்கவில்லை. பால் சேர்த்ததும் எங்கேயோ ஒரு மெல்லிய புளிப்பு தலைகாட்டியது. டிகாஷன் பத்தே நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அம்மாவின் ஃபில்டரில் நான் குளித்துவிட்டு வரும் வரைக்கும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இப்படியே பல வருஷம் ஓடியது. ஒவ்வொரு லீவிலும் இன்னும் கொஞ்சம் விலை கூடின பொடியாக வாங்கி வருவேன். மூன்றாவது வாரத்தில் அதன் வாசனை போய்விடும், ஆறாவது வாரத்தில் அட்டைப் பெட்டி வாசனை வந்துவிடும். அரைத்த பொடி அவ்வளவுதான் தாங்கும். மீதி மாதங்களுக்கு டின் பால் டீயே கதி.

2008 லீவில் அம்மாவுக்குக் கால்வலி என்று அவளுக்கான பொடியையும் நானே வாங்கப் போனேன். அவள் வழக்கமாக வாங்கும் கடை வேறு. நான் அதுவரை உள்ளே போனதில்லை. கல்லாவில் இருந்த பெரியவரிடம் ஊர்ப் பெயரையும் அம்மா பெயரையும் சொன்னேன். சீட்டு எதையும் பார்க்காமல் உள்ளே திரும்பி, “அறுபது நாப்பது, கால் கிலோ” என்றார்.

“எது அறுபது?” என்று கேட்டேன்.

“காபி அறுபது, சிக்கரி நாப்பது. ஒங்கம்மா முப்பது வருஷமா அதானே வாங்குறாங்க.”

நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் சிக்கரியா? பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்துக் கல்லா மேல் வைத்தார். சுத்தமான காபிப் பொடி ஒரு சிட்டிகை மேலே தூவினார். அது மிதந்தது. இன்னொரு டம்ளரில் அம்மாவின் பொடியைத் தூவினார். ஒரு பங்கு மிதக்க, மறு பங்கு உடனே கீழே இறங்கியது. இறங்கின ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் பழுப்பாக ஒரு நூல் தொங்கியது. நிமிஷத்தில் தண்ணீரே கலங்கிவிட்டது. “முங்குறது சிக்கரி. அது கெழங்கு தம்பி. வறுத்து அரைச்சது. காபியைவிடச் சீக்கிரம் கரையும், நெறையக் கரையும்” என்றார்.

அந்த இரண்டு டம்ளர்களும் என் பத்துப் பன்னிரண்டு வருஷச் செலவுக்குப் பதில் சொல்லிவிட்டன. சிக்கரிக்குக் காபி வாசனை கிடையாது, ஆனால் கனம் உண்டு. கசப்போடு கருக்கிய வெல்லம் போன்ற ஓர் இனிப்பும் உண்டு. வெந்நீர் பட்டதும் உப்பி நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் அம்மாவின் டிகாஷன் அவ்வளவு மெதுவாகச் சொட்டியது, அவ்வளவு கறுப்பாகவும் இருந்தது. விலையும் காபிக்கொட்டையைவிடக் குறைவு. நாலு பிள்ளைகள், அப்பாவுக்கு அரிசி ஆலைக் கூலி. அறுபது நாற்பதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் போனால் கடைக்காரர் அதைக் காபி-சிக்கரிக் கலவை என்று விற்க முடியாது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

அறுபது நாற்பதோடு துபாய் வந்தேன். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ஒரு நாள் பாக்கெட்டைச் சரியாக மூடாமல் விட்டதற்கு மொத்தப் பொடியும் கல்லாக இறுகிவிட்டது. சிக்கரி காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடிக்கும். பிறகு சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி இறுக்கமான டப்பாவில் வைக்கப் பழகினேன். காபி இப்போது கனமாக இருந்தது, நிறமும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு மொட்டைத்தனம். உப்பில்லாத சாதம் மாதிரி என்றுதான் சொல்ல வரும்.

இதற்கிடையில் தொழிலும் மாறிக்கொண்டிருந்தது. அலுவலகம் கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோனது. பேன்ட்ரிக்கு இத்தாலி மெஷின் வந்தது. பதினாறு கிராம் பொடி, காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம், இருபத்தைந்து விநாடி. நானும் ஒரு ஆசைக்கு அறுபது நாற்பதை அதில் போட்டு, மெஷின் அடைத்துக்கொண்டு, திட்டு வாங்கினேன். ஃபில்டரில் அழுத்தமே கிடையாது; தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. இருபது நிமிஷம் சும்மா கிடப்பதுதான் அதன் வேலை.

அந்த மெஷினுக்கு மூன்று மாசத்துக்கு ஒருமுறை சர்வீஸ் பார்க்க ஒரு ஃபிலிப்பைன்ஸ் பையன் வருவான். அவன் வந்ததும் மெஷினைத் தொட மாட்டான். முதலில் தண்ணீரைத்தான் சோதிப்பான். பேனா போன்ற ஒரு மீட்டரை நாங்கள் வாங்கும் ஐந்து காலன் கேனில் முக்கினான். 70 காட்டியது. உதட்டைப் பிதுக்கி, காபிக்கு 150-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்றான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஊர் இது. கேனில் வருவதையோ இன்னும் வடித்து, கடைசியில் கொஞ்சம் தாது சேர்த்து அடைக்கிறார்கள். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஓரளவு இருந்தால்தான் அவை பொடியிலிருந்து ருசியைப் பிடித்து இழுக்கும் என்று அவன் சொன்னான். அவன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் அந்த அளவுக்கு ஒத்துப்போயின.

அவன் போன பிறகு கெட்டிலைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருஷமாகத் தினம் நூறு தடவை கொதித்த கெட்டில், உள்ளே புதுசு மாதிரி பளபளத்தது. அம்மாவின் வெந்நீர்த் தவலை ஞாபகம் வந்தது. அதன் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அடுத்த லீவில் அந்தப் பேனா மீட்டரில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றுத் தண்ணீரில் முக்கினேன். 520. “கெணத்துக்குக் காய்ச்சல் பாக்குறியாடா?” என்றாள் அம்மா.

திரும்பி வந்ததும் சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் பாட்டில்களின் முதுகைப் படிக்கிற ஆளாகிவிட்டேன். கால்சியம் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அதில் போட்டிருக்கும். கால்சியம் அதிகமான மலைத் தண்ணீர் ஒன்றை முழுசாக ஊற்றிப் போட்டபோது டிகாஷன் சாக்பீஸ் கரைத்தது போல மந்தமாக இருந்தது. கேன் தண்ணீர் பாதி, அது பாதி கலந்தபோது புளிப்பு ஓடிவிட்டது, மொட்டைத்தனமும் போனது. குழாய்த் தண்ணீரில் மீட்டர் இன்னும் கூடுதலாகக் காட்டியும் ருசி சேரவில்லை. மீட்டர் மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். அது சமையல் உப்பா, சுண்ணாம்பா என்று சொல்லாது. அதற்கு நாக்கும் கெட்டிலின் உள்பக்கமும்தான் சாட்சி.

பாலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டின் பால் சேர்த்தால் காபி டீக்கடைக்குப் போய்விடும். மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பாலில் அடிபிடித்த வாடை ஒன்று இருக்கும். கொதிக்க வைத்தால் அது கூடும். குளிர்பெட்டியில் வைத்து விற்கும் முழுக்கொழுப்புப் பசும்பால்தான் சரி. அதையும் ஒரு தடவை பொங்கி எழும்போது இறக்கிவிட வேண்டும். மீந்த பாலைத் திரும்பக் காய்ச்சி மத்தியானக் காபிக்கு ஊற்றி, காலையில் கிடைத்த ருசி எங்கே போயிற்று என்று பல நாள் தேடியிருக்கிறேன்.

பொடி, தண்ணீர், பால் மூன்றும் கைக்கு வந்த பிறகும் அந்த டம்ளர் வரவில்லை. கல்யாண வீட்டுக் காபி மாதிரி இருக்கிறது, எங்கள் வீட்டுக் காபி மாதிரி இல்லை. 2020-இல் அலுவலகமே வீட்டுக்குப் போனபோது, யாருக்கும் எதுவும் போட வேண்டியில்லாமல் அறையில் மூன்று மாசம் கிடந்தேன். தினமும் ஒரு அளவு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வரும் கப்பு என்னுடையதே என்பதால் எதையும் ஒளிக்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் பாதி மிச்சம்.

கடைசியில் விஷயம் அக்காவிடம் இருந்தது. ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “மொத டிகாஷனை எவ்வளவு கெட்டியா எறக்குனாலும் வர மாட்டேங்குதுக்கா” என்றேன்.

அக்கா சிரித்தாள். “ஒனக்கு ஏதுடா மொத டிகாஷன்? அது அப்பாவுக்கு. யாராச்சும் வந்தா அவங்களுக்கு. நமக்கெல்லாம் ரெண்டாவதுதான். அதுல மொத டிகாஷன் ஒரு கரண்டி காட்டுவா, நெறத்துக்கு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் தொடர்ந்தாள்: “பால்லயும் தண்ணி உண்டு. சக்கரை மட்டும் அப்பாவோடதைவிடக் கூட. பிள்ளைங்க மொகம் சுளிக்கக் கூடாதுன்னு.”

2022 ஜனவரியில் எங்கள் வார விடுமுறை வெள்ளிக்கிழமையிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. அப்படி வந்த ஒரு சனிக்கிழமைக் காலையில் ஏ.சியை அணைத்தேன். குளிர்ந்த அறையில் ஃபில்டரின் உலோகமே வெந்நீரின் சூட்டைத் தின்றுவிடும். அதனால் ஃபில்டரைக் கொதிநீரில் ஒரு முறை அலசினேன். அறுபது நாற்பது முப்பது கிராம். தட்டி இறுக்காமல் சமமாகப் பரப்பி, மேலே குடையை வைத்தேன். கலந்த தண்ணீர் கொதித்து அடங்க அரை நிமிஷம் விட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றினேன். பிறகு மீதி, மொத்தம் 150 மில்லி. இருபத்தைந்து நிமிஷத்தில் இறங்கியது 80 மில்லிதான். மீதியைப் பொடி குடித்துக்கொண்டது. அதை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதே பொடிமேல் 100 மில்லி வெந்நீர். பொடி ஏற்கெனவே நனைந்து கிடந்ததால் இது கிட்டத்தட்ட முழுசாக இறங்கியது, பழைய செம்பின் நிறத்தில்.

டம்ளரில் இரண்டாவது டிகாஷன் 40 மில்லி. முதல் டிகாஷன் ஒரு மேஜைக்கரண்டி. ஒன்றேமுக்கால் கரண்டி சர்க்கரை. நாலு பங்கு பாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சியதை மேலே ஊற்றி, டபராவில் இரண்டு ஆற்று.

முதல் வாய் குடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கெட்டியான காபி இல்லை. உயர்ந்த காபியும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து அறைத்தோழர் ஒருவர் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்து, “என்னண்ணே, இன்னிக்குக் கொஞ்சம் தண்ணியா இருக்கே” என்றார். மிச்சமிருந்த முதல் டிகாஷனில் அவருக்கு வேறு ஒன்று கலந்து கொடுத்துவிட்டு என்னுடையதை அடிவரை குடித்தேன்.

ஊரில் அப்போது மணி ஒன்பதரை. அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா மகன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். காலி டம்ளரைக் காட்டி, “நம்ம வீட்டுக் காபி வந்துருச்சும்மா. ஒன் காபி” என்றேன். அம்மா கண்ணைச் சுருக்கி டம்ளரைப் பார்த்தாள்.

“ஃபில்டர்லயா போட்ட?”

“ஆமா.”

“ஒனக்கு வேற வேலை இல்லையா? அதை யாரு கழுவறதுன்னு நான் விட்டே ஏழு வருஷமாச்சு. இப்பல்லாம் இன்ஸ்டன்ட்தான். ஒரு கரண்டி போட்டாப் போதும்.” பிறகு பக்கத்தில் திரும்பி, “இவனுக்குச் சக்கரை இருக்கான்னு டெஸ்ட் எடுத்தானான்னு கேளு” என்றாள்.